உருட்டினால் ஒரு தாள், பிரித்தால் இன்னொரு தாள்: முன், மேல், பக்கத் தோற்றங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நான்காம் படிவத்தில் வரைகலைப் பாடம் எடுத்திருக்கும் அக்கா மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அதில் மூன்று படங்கள் இருந்தன. கோடெல்லாம் நேராக, சுத்தமாக இழுத்திருந்தாள். ஆனால் பக்கத்தோற்றத்தின் மேல் ஆசிரியர் சிவப்பு மையில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தார்.

“அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா. எங்கே தப்புன்னே தெரியல,” என்றாள்.

அளவில் தப்பு எதுவும் இல்லை. வலப்பக்கம் வரவேண்டிய சரிவு இடப்பக்கம் போயிருந்தது. பிறையில் எந்திரப் பாகங்கள் செய்யும் பட்டறையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். வரைபடத் தாளில் புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் அதிகம் செலவு வைக்கும். அவளுக்கு அன்று சொன்னதையே இங்கே எழுதுகிறேன். கையில் ஒரு பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

முதலில், “தோற்றம்” என்று எதைச் சொல்கிறோம்? பெர்ரியில் நின்று பினாங்குப் பாலத்தைப் பார்த்தால் கிட்டே இருக்கும் தூண் பெரிதாகவும் தூரத்துத் தூண் சிறிதாகவும் தெரியும். கண் அப்படித்தான் பார்க்கும். ஆனால் கண் பார்க்கிறபடி வரைந்த படத்தில் அடிக்கோல் வைத்து அளக்க முடியாது; எல்லாத் தூணும் ஒரே பருமன் என்று அந்தப் படம் சொல்லாது. அதனால் வரைபடத் தாளில் வேறு விதமாகப் பார்க்கிறோம். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தாளுக்கு நேராக, செங்குத்தாக ஒரு கோடு வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணை. எனவே தூரத்தில் இருப்பது சிறுக்காது. தாளுக்கு இணையாக இருக்கும் 80 மி.மீ. விளிம்பு, முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் 80 மி.மீ. ஆகவே விழும்.

இதற்குக் கொடுக்கும் விலை, ஒரு படத்தில் ஒரு திசை காணாமல் போவது. முன்னால் நின்று பார்த்தால் நீளமும் உயரமும் தெரியும். எது முன்னே, எது பின்னே என்பது தெரியாது. அந்த மூன்றாவது அளவை ஆழம் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து பார்த்தால் நீளமும் ஆழமும் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால் உயரமும் ஆழமும் தெரியும். ஒவ்வொரு படமும் ஓர் அளவைத் தொலைக்கிறது, பக்கத்துப் படம் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. பள்ளியில் பாண்டாங்கான் ஹடாப்பான், பெலான், சிசி என்று மலாயில் சொல்லிக்கொடுப்பதும், பட்டறையில் ஃப்ரண்ட் வியூ, டாப் வியூ, சைடு வியூ என்பதும் இந்த மூன்றைத்தான்.

அக்கா மகளுக்குப் புரியவைக்க ஒரு துணிச் சவர்க்காரக் கட்டியை எடுத்து, காய்கறிக் கத்தியால் ஒரு பிராக்கெட் செதுக்கினேன். அளவில் பாதிதான் வந்தது, சுவரும் கொஞ்சம் தடித்துவிட்டது. ஆனால் உருவம் சரியாக இருந்தது. அதன் உண்மையான அளவுகளைச் சொல்கிறேன். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரே பாகம்தான்.

முன்னால் நின்று பார்த்தால் ஆங்கில எழுத்து ‘எல்’ மாதிரி இருக்கும். கீழே ஓர் அடித்தட்டு: நீளம் 80, தடிமன் 10. அதன் இடது ஓரத்தில் ஒரு சுவர்: தரையிலிருந்து உயரம் 60, தடிமன் 10. அடித்தட்டுக்கும் சுவருக்கும் ஆழம் 50. எல்லாம் மில்லிமீட்டர். இத்துடன் நின்றால் முன்னும் பின்னும் ஒன்றுபோல இருக்கும். அதனால் இரண்டு அடையாளங்களைச் சேர்த்தேன். அடித்தட்டில் 12 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை. அதன் மையம் இடது ஓரத்திலிருந்து 55, முன் விளிம்பிலிருந்து 15. அதாவது துளை முன்பக்கமாக ஒதுங்கி இருக்கிறது. சுவரின் மேல் மூலைகளில் பின்பக்க மூலையை 20-க்கு 20 சரிவாக வெட்டிவிட்டேன். துளை முன்னே, சரிவு பின்னே. இதை மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரப்போகிறது.

முன்தோற்றத்தை வரைவோம். எல் வடிவத்தின் சுற்றுக்கோடு தடித்த கோடாக வரும். இங்கேயே பலர் ஒரு கோடு அதிகமாகப் போடுவார்கள்: சுவரும் அடித்தட்டும் சேரும் இடத்தில் குறுக்கே ஒன்று. பாகம் ஒரே கட்டியில் வெட்டியது, முன்பக்க முகம் ஒரே சமதளம். அங்கே விளிம்பு இல்லை, அதனால் கோடும் இல்லை. கோடு என்றால் ஒரு விளிம்பு, அல்லது வளைந்த பரப்பு திரும்பி மறையும் எல்லை. இரண்டும் இல்லாத இடத்தில் கோடு போட்டால் படிப்பவர் அங்கே ஒரு படியைத் தேடுவார்.

துளை முன்னாலிருந்து தெரியாது, அடித்தட்டுக்குள் மறைந்திருக்கிறது. மறைந்த விளிம்பை, இடைவெளி விட்டு விட்டுப் போகும் மெல்லிய கோடாகப் போடுகிறோம், அதுதான் மறைகோடு. மையம் 55, விட்டம் 12, ஆகவே இடது ஓரத்திலிருந்து 49-லும் 61-லும் இரண்டு செங்குத்து மறைகோடுகள், தரையிலிருந்து 10 மி.மீ. உயரம் வரை. நடுவில் நீண்டும் குறுகியும் மாறி மாறிப் போகும் மையக்கோடு. அடுத்தது சரிவு. அது பின்னால் இருக்கிறது. அதன் கீழ் விளிம்பு 40 மி.மீ. உயரத்தில் சுவரின் பின்புறம் ஓடுகிறது. முன்னாலிருந்து பார்க்கும்போது சுவரே அதை மறைக்கிறது. ஆகவே சுவரின் 10 மி.மீ. அகலத்துக்குள், 40 உயரத்தில், ஒரு சின்ன மறைகோடு. இந்தச் சின்னக் கோட்டை மறக்காதீர்கள். இதைப் பார்த்தும் புரிந்துகொள்ளாமல் விட்டதால்தான் நான் ஒரு தடவை நன்றாக அடிபட்டேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மேல்தோற்றம் சுலபம். 80-க்கு 50 செவ்வகம். இடது ஓரத்திலிருந்து 10-ல் ஒரு முழுக்கோடு, அது சுவர் முடிந்து அடித்தட்டுக்கு இறங்கும் இடம். அந்த 10 மி.மீ. பட்டைக்குள், முன் விளிம்பிலிருந்து 30-ல் ஒரு குறுக்குக்கோடு: சரிவு தொடங்கும் விளிம்பு, மேலிருந்து நன்றாகத் தெரியும், அதனால் முழுக்கோடு. துளை இங்கே வட்டமாகவே தெரிகிறது. துளையின் அளவையும் இடத்தையும் இந்தப் படத்தில்தான் எழுதவேண்டும். வட்டம் வட்டமாகத் தெரியும் இடத்தில் எழுதினால் படிப்பவர் தேட வேண்டாம்.

“இந்த ரெண்டு படத்துலயே எல்லா அளவும் வந்துருச்சே. மூணாவது எதுக்கு மாமா?” என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. பதிலுக்கு, சவர்க்காரத்தில் வேறொன்றைச் செதுக்கிக் காட்டினேன். சுவரின் பின் மூலையைச் சரிவாக வெட்டாமல், 20-க்கு 20 சதுரமாக, படி மாதிரி வெட்டினேன். இப்போது முன்தோற்றம் எப்படி இருக்கும்? 40 உயரத்தில் அதே மறைகோடு. மேல்தோற்றம்? 30-ல் அதே முழுக்கோடு. இரண்டு படமும் அச்சுப் பிசகாமல் முன்பு போலவே இருக்கின்றன. மூலையை உட்குழிந்த கால்வட்டமாகக் குடைந்தாலும் இதே இரண்டு படம்தான் வரும். சரிவா, படியா, குழிவா என்று சொல்லக்கூடியது பக்கத்தோற்றம் மட்டும்தான், ஏனென்றால் அந்த வெட்டின் உருவம் உயரமும் ஆழமும் சேர்ந்த உருவம். இப்படி ஒரு சந்தேகம் எழாத பாகத்துக்கு மூன்றாவது படம் தேவையில்லை. சாதாரண உருளை ஊசிக்கு ஒரே படமும் விட்டக் குறியும் போதும்.

பக்கத்தோற்றம் என்றால் எந்தப் பக்கம்? இங்கேதான் அக்கா மகள் இடறினாள். வலப்பக்கம் போய் நின்று பாருங்கள். பொருளின் முன்பக்கம் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும், பின்பக்கம் வலது கைப்பக்கம் இருக்கும். ஆகவே சரிவு படத்தின் வலது மேல் மூலையில் வரும். அடித்தட்டின் வால் உங்களை நோக்கி நீண்டிருப்பதால், அதன் மேல் விளிம்பு 10 உயரத்தில் முழுக்கோடாகத் தெரியும். இப்போது இடப்பக்கம் போய் நில்லுங்கள். எல்லாம் மாறுகிறது. முன்பக்கம் வலது கைக்கு வந்துவிடுகிறது, சரிவு இடது மேல் மூலைக்குப் போகிறது. முக்கியமாக, இப்போது உங்கள் கண்ணெதிரே சுவர் நிற்கிறது. அடித்தட்டு அதற்குப் பின்னால் மறைந்துவிட்டது. ஆகவே 10 உயரத்தில் வருவது மறைகோடு. ஒரே பாகம்தான், வலப்பக்கம் நின்றால் முழுக்கோடு, இடப்பக்கம் நின்றால் மறைகோடு.

இனி, இந்தப் படங்களைத் தாளில் எங்கெங்கே வைப்பது? தாள் படிப்பதில் இதைவிட முக்கியமானது எனக்குத் தெரிந்து வேறில்லை. உலகத்தில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு மூன்றாம் கோணம் என்று பெயர், மற்றதற்கு முதல் கோணம். மலாயில் சூடுட் கெதிகா, சூடுட் பெர்த்தாமா. பெயரின் காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னால், ஒரு செங்குத்துத் தளமும் ஒரு கிடைத்தளமும் குறுக்கே வெட்டிக்கொண்டால் நான்கு கால்பகுதிகள் உண்டாகும். பொருளை அவற்றில் முதலாவதில் வைத்து வரைந்தால் ஒன்று, மூன்றாவதில் வைத்து வரைந்தால் மற்றொன்று. இரண்டாவதிலும் நான்காவதிலும் வைத்தால், தளத்தை மடித்து விரிக்கும்போது முன்தோற்றமும் மேல்தோற்றமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும், அதனால் அவற்றை யாரும் பயன்படுத்துவதில்லை. இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர் 1746-ல் பிறந்த காஸ்பார் மோஞ்சு என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர்.

ஆனால் கால்பகுதிகளை மனதில் நிறுத்திப் படம் படிப்பவரை நான் பட்டறையில் பார்த்ததில்லை. கையால் செய்து பார்ப்பது மேல்.

அக்கா வீட்டு மேசையில் தாவ் சார் பியா வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. சவர்க்காரப் பிராக்கெட்டை அதற்குள் வைத்து, பெட்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்தப் பக்கமாக நின்று பார்த்தால் என்ன தெரியுமோ அதை மார்க்கர் பேனாவால் வரையச் சொன்னேன். பிறகு பெட்டியை வெட்டிப் பிரித்தோம். முன்பக்க அட்டை நடுவில் இருக்கிறது. மேல் அட்டை மேலே விரிகிறது. வலப்பக்க அட்டை வலப்பக்கம் விரிகிறது. இதுதான் மூன்றாம் கோணம். எந்தப் பக்கம் நின்று பார்த்தாயோ அந்தப் பக்கத்திலேயே படம் இருக்கும்.

அடுத்து, பிராக்கெட்டை வெறும் தாள்மேல் மல்லாக்கப் படுக்க வைத்தேன், முன்முகம் வானத்தைப் பார்க்கும்படி. நேர் மேலிருந்து பார்த்தால் தெரிவது முன்தோற்றம். இப்போது அதை வலப்பக்கம் ஒரு புரட்டு புரட்டினேன். மேலே வந்தது எந்த முகம்? அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இடப்பக்கம்!” என்றாள். ஆமாம், வலப்பக்கம் உருட்டினால் இடது முகம்தான் மேலே வரும். திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்து, நம்மை நோக்கிக் கீழே உருட்டினேன். மேலே வந்தது பிராக்கெட்டின் மேல்முகம். ஆக, இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கம் வருகிறது, மேல்தோற்றம் கீழே வருகிறது. இதுதான் முதல் கோணம். பெட்டியைப் பிரித்தால் மூன்றாம் கோணம், பொருளை உருட்டினால் முதல் கோணம்.

இந்த இரண்டையும் கையால் செய்தபின் ஒரு விஷயம் தானாகவே கண்ணில் படும். பொருளின் முன் விளிம்பு பக்கத்துப் படங்களில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூன்றாம் கோணத்தில், மேல்தோற்றத்திலும் பக்கத்தோற்றத்திலும் முன் விளிம்பு முன்தோற்றத்தை ஒட்டி இருக்கும். முதல் கோணத்தில் அது முன்தோற்றத்துக்கு எட்டத்தில் இருக்கும். நம் பிராக்கெட்டில் துளை முன்பக்கம் ஒதுங்கியது. அதனால் மூன்றாம் கோணத் தாளில் துளையின் வட்டம் முன்தோற்றத்துக்குக் கிட்டே, முதல் கோணத் தாளில் தூரத்தில். அக்கா மகள் வலப்பக்கத் தோற்றத்தை வலப்பக்கம் வைத்தது சரி. முன் விளிம்பை எட்டத்தில் வைத்ததுதான் தவறு. அதனால் படம் கண்ணாடி பிம்பமாகிவிட்டது.

இந்தத் தவறு வராமல் தடுக்க வரைபவர்களிடம் ஒரு பழைய வழி இருக்கிறது, 45 பாகைச் சாய்கோடு. மூன்றாம் கோணத்தில் வரைகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்தோற்றத்துக்கும் மேல்தோற்றத்துக்கும் இடையே 30 மி.மீ. இடைவெளி, பக்கத்தோற்றத்துக்கும் அதே 30. முன்தோற்றம் அடங்கும் 80-க்கு 60 செவ்வகத்தின் வலது மேல் மூலையிலிருந்து, வலமேலாக 45 பாகையில் ஒரு மெல்லிய கோடு இழுங்கள். மேல்தோற்றத்தில் உள்ள துளையின் மையம் அந்த மூலைக்கு 45 மி.மீ. மேலே இருக்கிறது: இடைவெளி 30, அதோடு முன் விளிம்பிலிருந்து 15. அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கிடைக்கோடு இழுத்தால் சாய்கோட்டை முட்டும். முட்டிய இடத்திலிருந்து நேரே கீழே இறக்குங்கள். மூலையிலிருந்து வலப்பக்கம் 45-ல் இறங்கும். பக்கத்தோற்றம் 30-ல் தொடங்குகிறது, ஆகவே அதன் இடது விளிம்பிலிருந்து 15. சரிவு தொடங்கும் விளிம்பு மூலைக்கு மேலே 60-ல். அது வலப்பக்கம் 60-ல் இறங்கும், அதாவது பக்கத்தோற்றத்துக்குள் 30-ல். பின் விளிம்பு 80-க்கு 80. அளவுகோலைத் தொடாமலே ஆழங்கள் எல்லாம் சரியான திசையில் திரும்பி வந்துவிட்டன. உயரங்களுக்கு முன்தோற்றத்திலிருந்து கிடைக்கோடு போட்டால் போதும். படம் கண்ணாடி பிம்பமாக மாறவே வழியில்லை, ஏனென்றால் கிட்டே உள்ளது கிட்டேயும் தூரத்தில் உள்ளது தூரத்திலும்தான் அந்தக் கோடு கொண்டுபோய் விடும்.

இப்போது என் கதை. பினாங்கில் 1972-ல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வட்டாரம் தொடங்கிய காலத்திலிருந்து அமெரிக்க, ஜப்பானிய, ஐரோப்பியத் தொழிற்சாலைகள் அருகருகே இருக்கின்றன. பிறை பக்கம் இருக்கும் சிறு பட்டறைகளுக்கு எல்லார் தாளும் வரும். அமெரிக்கத் தாளும் ஜப்பானியத் தாளும் பெரும்பாலும் மூன்றாம் கோணம். ஐரோப்பாவிலிருந்து வருவது பெரும்பாலும் முதல் கோணம். ஐஎஸ்ஓ தரமுறை இரண்டையுமே அனுமதிக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த பட்டறையில் அதற்கு முன் நான் பார்த்த தாள்கள் எல்லாம் மூன்றாம் கோணம். ஒரு நாள் ஓர் ஐரோப்பிய எந்திரத்துக்கான தாள் வந்தது, ஏறக்குறைய இதே மாதிரி ஒரு பிராக்கெட், அலுமினியத்தில் 24 உருப்படி. நடுவில் முன்தோற்றம், கீழே ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம்.

பழக்கதோஷத்தில் அதை மூன்றாம் கோணமாகப் படித்தேன். வலப்பக்கம் இருப்பது வலப்பக்கத் தோற்றம் என்று எடுத்துக்கொண்டேன். சரிவு அந்தப் படத்தின் இடது மேல் மூலையில், அதாவது முன்தோற்றத்தை ஒட்டி இருந்தது. அப்படியானால் சரிவு முன்பக்கம். கீழே இருந்த படத்தை அடித்தோற்றம் என்று நினைத்தேன். துளை முன்தோற்றத்துக்கு எட்டத்தில் இருந்தது, ஆகவே துளை பின்பக்கம். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தின. சந்தேகமே வரவில்லை. 24-ஐயும் வெட்டி முடித்தேன். அளவு சோதித்தவரும் தாளை என்னைப் போலவே படித்தார்; வெர்னியரில் எல்லா அளவும் சரியாக இருந்தன, கையெழுத்துப் போட்டுவிட்டார். எந்திரத்தில் மாட்டும்போதுதான் தெரிந்தது. சரிவு இருக்கவேண்டிய இடத்தில் முழு மூலை நின்று மூடியைத் தட்டியது, போல்ட் துளை வேறு பக்கம் இருந்தது. பிராக்கெட்டை எப்படித் திருப்பிப் போட்டாலும் சேராது, இடது செருப்பு வலது காலுக்குச் சேராத மாதிரி.

அன்று இரவு அந்தத் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. தாள் முழுவதும் என்னைத் தடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. முன்தோற்றத்தில் 40 உயரத்தில் இருந்தது மறைகோடு. நான் நினைத்தபடி சரிவு முன்பக்கம் இருந்தால் அது கண்ணுக்குத் தெரியும், முழுக்கோடாகத்தான் இருக்கவேண்டும். வலப்பக்கம் இருந்த படத்தில் 10 உயரத்தில் மறைகோடு. உண்மையிலேயே அது வலப்பக்கத் தோற்றம் என்றால் அடித்தட்டு முன்னால் நீண்டு தெரியும், அங்கேயும் முழுக்கோடு வந்திருக்கும். கீழே இருந்த படத்தில் சுவரின் விளிம்பு முழுக்கோடு. அடியிலிருந்து பார்த்தால் சுவர் எப்படித் தெரியும்? அது மறைகோடாக அல்லவா இருக்கவேண்டும்? மூன்று சாட்சிகள். முதல் மறைகோட்டை நான் அன்றே பார்த்தேன். வரைந்தவர் கவனக்குறைவாகப் போட்டிருக்கிறார் என்று நினைத்துத் தாண்டிப் போனேன்.

அதனால்தான் மறைகோட்டை நான் இவ்வளவு தூரம் இழுத்து இழுத்துச் சொல்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்பதோடு, எந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள் என்பதையும் அது சொல்கிறது. ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, “நான் நினைக்கிற பக்கத்தில் நின்றால் இந்த விளிம்பு தெரியுமா, மறையுமா?” என்று கேளுங்கள். தாளில் இருப்பது அதற்கு நேர்மாறாக இருந்தால், பாகத்தை வரைந்தவரைச் சந்தேகிக்கும் முன் உங்கள் வாசிப்பைச் சந்தேகியுங்கள்.

முறையைச் சொல்லும் குறி ஒன்றும் தாளில் இருக்கும். தலைப்புக் கட்டத்தில், பெரும்பாலும் வலது கீழ் மூலையில், ஒரு வெட்டிய கூம்பின் இரண்டு தோற்றங்கள்: ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம், பக்கத்தில் ஒரு முனை குறுகிய சரிவகம். எந்தக் குறி எந்த முறை என்பதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரண்டு வட்டமும் முழுக்கோடாகத் தெரிகிறது என்றால் கூம்பைக் குறுகிய முனைப் பக்கம் நின்று பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் கோணத்தில் பார்த்த பக்கத்திலேயே படம் இருக்கும், ஆகவே சரிவகத்தின் குறுகிய முனை வட்டங்களை நோக்கி இருக்கும். முதல் கோணத்தில் எதிர்ப்பக்கம் போய்விடும், ஆகவே அகன்ற முனை வட்டங்களை நோக்கி இருக்கும். எனக்கு அன்று கிடைத்தது பலதடவை நகலெடுத்த தாள், மூலையில் அந்தக் குறி ஒரு கறையாகத்தான் இருந்தது. கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை.

மறைகோட்டுச் சோதனை எல்லாத் தாளிலும் உதவாது. மெல்லிய தட்டையான தகடு ஒன்றில் நேராக ஊடுருவும் துளைகள் மட்டும் இருந்தால், மேலிருந்து பார்த்தாலும் அடியிலிருந்து பார்த்தாலும் எல்லாம் முழுக்கோடுதான். அங்கே துளைகள் சமச்சீராக இல்லாமல், எது மேல்முகம் என்பதும் முக்கியம் என்றால், குறியைத் தவிர வேறு சாட்சி இல்லை. குறியும் இல்லாத தாள் வந்தால் அனுப்பியவருக்கு ஒரு போன் போடாமல் நான் இப்போதெல்லாம் எந்திரத்தை ஓட்டுவதில்லை.

அக்கா மகள் தாளைத் திரும்ப வரைந்தாள், இந்தத் தடவை 45 பாகைக் கோட்டோடு. வரைந்து முடித்ததும், நான் பட்டறையில் செய்கிற ஒரு வேலையை அவளையும் செய்யச் சொன்னேன். சிவப்புப் பென்சிலை எடுத்து மேல்தோற்றத்திலும் பக்கத்தோற்றத்திலும் எது முன் விளிம்போ அதன்மேல் மெல்லிசாக ஒரு கோடு தீட்டினாள். இரண்டு சிவப்புக் கோடும் முன்தோற்றத்தைப் பார்த்தபடி இருந்தன. துளையின் மறைகோடுகள் பக்கத்தோற்றத்தில் முன் விளிம்பிலிருந்து 9-லும் 21-லும் விழுந்திருந்தன. சரிவு வலது மேல் மூலையில் இருந்தது. சவர்க்காரப் பிராக்கெட்டைக் கையில் எடுத்து, வலப்பக்கம் திருப்பி, தாளோடு வைத்துப் பார்த்துக்கொண்டாள்.